முப்பது செகண்ட் பேசலாமுங்களா

விஜயபாஸ்கர் எழுதிக் கொடுத்திருந்த வசனம் இது: "வாழ்த்துகள் சார்! நீலகிரியிலேயே நீங்கதான் செலக்ட் ஆயிருக்கீங்க!" எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. குன்னூரில் காட்டேஜ்களுக்கு வெந்நீர் மெஷின் விற்கும் கடைக்கு அவர் மேனேஜர். அங்கே போனில் ஆள் பிடிக்கும் ராஜப்ரியா மூன்று மாதமாக அந்த வசனத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தும், "நேர்ல வாங்க" என்று ஒரு ஜீவன்கூடச் சொல்லவில்லை. இன்று மாலைக்குள் யாராவது சொல்லாவிட்டால் வேலை போய்விடும். அப்புறம் மேட்டுப்பாளையத்தில் மாமாவின் ஜவுளிக்கடைதான் கதி.

ஆனது ஆகட்டும் என்று வசனத்தைத் தூக்கி மூலையில் போட்டாள்.

"வணக்கமுங்க. குன்னூர் வெந்நீர் மெஷின் கடையிலிருந்து ராஜப்ரியா பேசறனுங்க. உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. இது விக்கறதுக்குப் பண்ற போன்தானுங்க. முப்பது செகண்ட் பேசலாமுங்களா, இல்ல வெச்சுடட்டுங்களா?"

முதல் ஆள், "வெச்சுடு" என்றார். நன்றி சொல்லி வைத்தாள். அடுத்து ஒரு பெண்மணி, "உண்மையச் சொன்னீங்களே, சந்தோசம். ஆனா வேண்டாமுங்க" என்றார். அதற்கே ராஜப்ரியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை மரியாதையாக அவளை யாரும் வேண்டாம் என்றதில்லை! விஜயபாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மூன்றாவது, வெலிங்டன் பக்கம் காட்டேஜ் வைத்திருக்கும் லிங்கசாமி.

"என் நம்பர் யார் குடுத்தா?"

"மேப்ல உங்க காட்டேஜ் பேருக்குக் கீழ இருந்துச்சுங்க."

"சரி. முப்பதே செகண்ட்."

அவள் தன் செல்போனில் அலாரம் வைத்துவிட்டுத் தொடங்கினாள். "மூடாப்பு நாள்ல சோலார்ல தண்ணி காயாம, காட்டேஜ்காரங்க கெஸ்ட்டுங்ககிட்டத் திட்டு வாங்கறாங்க. எங்க மெஷினு காத்துல இருக்கற சூட்டை எடுத்துத் தண்ணியக் காய வைக்குமுங்க. வெயில் வேண்டாம். கரண்ட் வேணும், ஆனா கீசரை விடக் கம்மி. உறைபனி நாள்ல மட்டும்..."

அலாரம் அடித்தது.

"நேரம் முடிஞ்சுதுங்க. நன்றிங்க."

விஜயபாஸ்கர் இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டினார். பேசு, பேசு! அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

"அட, உறைபனில என்னாகும்?"

"அதுக்கு இன்னொரு பத்து செகண்ட் வேணுமுங்க. தருவீங்களா?"

"எடுத்துக்கம்மா!"

"மெதுவாத்தான் காயுமுங்க."

விஜயபாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கர் அதிரச் சிரித்தார் லிங்கசாமி.

"ரெண்டு கையிலயும் வெந்நீர் வாளி, தோள்ல இடுக்குன போனு. இன்னிக்கும் மூடாப்புதான், ரூம் ரூமாத் தூக்கிட்டு அலையறேன். நாளைக்கு நேர்ல வாங்க."

விஜயபாஸ்கர் பாய்ந்து போனைப் பறித்தார். "சார், நான் மேனேஜர் பேசறேன். நானே நேர்ல வந்து, கம்பெனி வரலாற்றிலிருந்து எல்லாத்தையும் விளக்கமா..."

"நீங்க வேண்டாமுங்க" என்றார் லிங்கசாமி. "நிறுத்தத் தெரிஞ்ச பொண்ணையே அனுப்புங்க."