வளைந்து தெரிந்த கால்

மிருக வைத்தியர் டொக்டர் நிலக்சனாவின் அழைப்பு வந்தபோது அன்ரனிட்டா, குழந்தைவேலுவின் வீட்டு விறாந்தையில் சோற்றுக் கோப்பையோடு இருந்தாள்.

"நீர் அனுப்பின வீடியோ பாத்தனான். முன்னங்கால், முழங்காலுக்குக் கீழ, எலும்பு வளையுது. காலை ஊண்டேக்க வடிவாத் தெரியுது" என்றார் டொக்டர். "முறிஞ்ச காலோட அந்தக் குதிரையைக் கலைச்சுப் பட்டிக்குள்ள அடைக்கிறது பெரிய பாவம். வனசீவராசிகள் திணைக்களத்தில கதைச்சிட்டன். பின்னேரப் படகில துவக்கோட ஒருத்தர் என்னோட வாறார். தூரத்தில வைச்சே சுட்டு முடிச்சிடுவம்."

அன்ரனிட்டா ஓம் என்றாள். பக்கத்தில் இருந்த குழந்தைவேலு, அறுபது வயதுக்காரர், அவளுடைய முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். கோடையில் அவருடைய மாட்டுத் தொட்டியில்தான் அந்தப் பெண்குதிரை தண்ணீர் குடிக்கும். மூன்று நாளாக அது தொட்டிக்கு வரவில்லை. வெளியில் நின்று நொண்டியது. கிட்டப் போனால் ஓடியது. அதனால்தான் அவர் இவளைக் கேட்டார்: "பிள்ளை, உங்கட கமராவால கிட்ட எடுத்து டொக்டருக்குக் காட்ட ஏலுமே?"

அன்ரனிட்டா புளியங்கூடலில் இருந்து நெடுந்தீவுக்கு வந்தது வேறு வேலைக்கு. வறட்சியில் தீவின் காட்டுக்குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற ஓர் அமைப்புக்காகச் சிறிய படம் ஒன்று எடுக்க வந்திருந்தாள். மற்ற நாட்களில் கலியாணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா எடுப்பாள். அன்று காலை ஊர்க்காரர் சவிரிமுத்துவின் லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தில் ஏறி, பின்பெட்டியின் இரும்புக் கம்பியில் கமராவை இறுக்கிப் பூட்டி, குதிரைக்குப் பக்கத்தால் ஓடவிட்டு எடுத்தாள். பிறகு மடிக்கணினியில் ஆட்டத்தைக் குறைத்து, குதிரையின் காலை மட்டும் பெரிதாக வெட்டி டொக்டருக்கு அனுப்பினாள். அனுப்பும்போது தன் கெட்டித்தனத்தை நினைத்துச் சந்தோஷமும் பட்டாள்.

சோற்றை அப்படியே வைத்தாள். கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். அனுப்பிய துண்டைத் திரும்பப் பார்த்தாள். கால் வளைந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் எங்கோ உறுத்தியது. கால் ஊன்றும்போது மட்டும் அல்ல, தூக்கியிருக்கும்போதும் ஒரு கணம் நெளிந்தது. முறிந்த எலும்பு காற்றில் ஏன் நெளியவேண்டும்?

வெட்டாத மூலப்படத்தைப் போட்டாள். குதிரை ஓடுகிறது, பின்னால் முருகைக்கல் மதில், மதிலோடு ஒரு மின்கம்பம். குதிரை கம்பத்தைக் கடக்கிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். கால் வளைந்த அதே உயரத்தில் கொங்கிறீற் கம்பமும் வளைந்திருந்தது. அடுத்த படத்தில் வளைவு கொஞ்சம் கீழே இறங்கியது. காலிலும் இறங்கியது.

அனுப்பிய துண்டில் இருந்து கம்பத்தை வெட்டி எறிந்தது அவள்தான்.

டொக்டரை அழைத்தாள். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தார்; பின்னால் பஸ் இரைச்சல்.

"டொக்டர், அந்த வளைவு காலில இல்லை. கமராவில. கமரா ஒரு படத்தை ஒரேயடியா எடுக்கிறதில்லை. மேலயிருந்து கீழ வரி வரியா வாசிக்கும். அது வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இஞ்சின் கமராவை உலுப்பிப்போடும். ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நிக்கும். நேர்க்கம்பும் ஜெலி மாதிரி நெளியும். பின்னால நிண்ட கரண்ட் கம்பமும் நெளியுது. நான் அதை வெட்டிப்போட்டு அனுப்பிட்டன்."

"அப்ப கால் முறியேல்லை எண்டு சொல்லுறீரோ?"

"அது எனக்குத் தெரியாது, டொக்டர்."

"நொண்டுறது உண்மை. முறியேல்லை எண்டு தெரியாமல் நான் ஒண்டையும் நிப்பாட்ட ஏலாது. அந்தாள் துவக்கோட வெளிக்கிட்டிட்டார். மூண்டு மணிக்குள்ள நேரான படம் ஒண்டு அனுப்பும். பக்கத்தில நேரான சாமான் ஒண்டும் தெரியவேணும். இல்லாட்டி நான் முதல் பாத்ததைத்தான் நம்பவேணும்."

மணி ஒன்று தாண்டியிருந்தது.

இதற்குள் பட்டிக்குப் போயிருந்த குழந்தைவேலு அவளுடைய குரல் கேட்டு ஓடிவந்தார். சவிரிமுத்துவும் லான்ட்மாஸ்டரை முற்றத்தில் நிறுத்தினார். ஐம்பது வயது இருக்கும். இயந்திரத்தை அணைக்காமலேயே கதைப்பது அவருடைய பழக்கம்.

"இஞ்சினை நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றாள். அவளுக்கு அந்தச் சத்தமே பொறுக்கமுடியவில்லை.

முதலில் வாகனமே வேண்டாம் என்று நினைத்தாள். கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வெட்டைவெளிக்கு நடந்தாள். நீண்ட லென்ஸைப் போட்டுக் குதிரைக்காகக் காத்தாள். அது மற்ற மூன்று குதிரைகளுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி வந்தது. ஆட்களைக் கண்டதும் வெருண்டு குறுக்கால் ஓடியது. அவள் கமராவைச் சடாரென்று அதன் பின்னால் திருப்பினாள். போட்டுப் பார்த்தால் இப்போது நெளிவு இல்லை. ஆனால் வெட்டையில் நின்ற பனைகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தன. குதிரையின் கால்களும் சரிவாகவே தெரிந்தன. வேகமாகத் திருப்பினால் மேல் வரி ஒரு இடத்திலும் கீழ் வரி வேறு இடத்திலும் நிற்கும். தூர லென்ஸில் அது இன்னும் மோசம்.

"இதையும் முறிஞ்ச கால் எண்டுதான் சொல்லுவினம்" என்றார் குழந்தைவேலு. அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திருப்பாமல் எடுக்கவேண்டும். அப்படியென்றால் குதிரைக்குப் பக்கத்தில் அதே வேகத்தில் போகவேண்டும். திரும்பவும் வாகனம்தான்.

"அண்ணை, உங்கட வண்டி எப்ப கனக்க உதறும்?"

சவிரிமுத்து யோசித்தார். "ரெண்டாம் கியரில முறுக்கினா பெட்டி முழுக்கக் கத்தும். மூண்டில போட்டு மெல்ல விட்டா உதறல் குறையும். கல்லுப் பாதையால போகப்படாது. புல்லால போவம்."

"ரயர் காத்துக் கொஞ்சம் இறக்குவமே?"

"இறக்குவம்."

பழைய லொறி ரியூப் ஒன்று குழந்தைவேலுவின் கொட்டிலில் கிடந்தது. அதில் பாதிக் காற்றடித்துப் பெட்டிக்குள் போட்டு, மேலே மணல் நிரப்பிய சாக்கொன்றை வைத்தாள். கம்பியில் பூட்டியதுதான் காலையில் செய்த பிழை. இரும்பின் நடுக்கம் முழுவதும் நேரே கமராவுக்குள் போயிருந்தது. இப்போது கமரா இரும்பைத் தொடவில்லை. கமராவுக்குள்ளும் மாற்றினாள். பெரிய அளவுப் படத்தை விட்டுவிட்டு, சின்ன அளவில் வினாடிக்கு நூற்றிருபது படம் எடுக்கிற முறைக்குப் போனாள். அந்த முறையில் அவளுடைய கமரா வரிகளைக் கெதியாக வாசித்து முடிக்கும். லென்ஸ் தானாக ஆட்டத்தைச் சரிசெய்கிற ஆளியை அணைத்தாள். இப்படி உதறுகிற இடத்தில் அது தன்பாட்டுக்கு இழுத்துக் குழப்பும். நீண்ட லென்ஸைக் கழற்றி அகல லென்ஸைப் பூட்டினாள். கிட்டப் போகவேண்டி வரும். போகலாம்.

"முதல் அந்தக் கம்பத்தை எடுத்துப் பாப்பம்" என்றாள்.

கம்பத்தின் பக்கத்தால் ஒருமுறை ஓடினார்கள். நிறுத்திப் பார்த்தாள். நெளிவு குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. ரியூப்பில் காற்று இன்னும் கூடுதலாக இருந்தது. கொஞ்சம் திறந்துவிட்டாள். இரண்டாவது ஓட்டத்தில் படம் முழுவதும் படகு போல மெல்ல மேலும் கீழும் ஆடியது. கம்பம் மட்டும் நேராக நின்றது.

"உது ஆடுதே பிள்ளை" என்றார் குழந்தைவேலு.

"ஆடட்டும் ஐயா. மெல்லமா ஆடுறதைப் பிறகு சரிக்கட்டலாம். ஒரு படத்துக்குள்ளயே நடுங்கினா ஒருத்தராலும் ஏலாது."

மணி இரண்டே கால். குதிரை மதிலுக்குப் பக்கத்தில் நின்றது. சவிரிமுத்து மூன்றாம் கியரில், இறைவனைக் கும்பிடுகிறவர் போல மெதுவாக, புல்லின் மேல் வண்டியை விட்டார். அன்ரனிட்டா சாக்கின் மேல் கமராவை வைத்து, இரு கைகளாலும் அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குதிரை அவர்களைப் பார்த்தது. நகர்ந்தது. பிறகு ஓடத் தொடங்கியது. சவிரிமுத்து விடாமல் அதன் பக்கத்திலேயே போனார். அவள் கமராவைத் திருப்பவே இல்லை. குதிரை படத்தின் நடுவில் நின்றபடியே ஓடியது. பின்னால் மதிலும் கம்பங்களும் கடந்து போயின.

ஐம்பது மீற்றர் போனதும் குழி ஒன்றில் வண்டி விழுந்து எழும்பியது. அவளுடைய தாடை கமராவில் அடிபட்டது. குதிரை பாய்ந்து வெட்டைக்குள் மறைந்தது. அவ்வளவுதான் கிடைத்தது, இருபது வினாடி இருக்காது.

வெட்டவில்லை, ஆட்டத்தைத் திருத்தவும் இல்லை. முழுப்படமாக, கம்பங்களோடு அனுப்பினாள். அந்த மூலையில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. அனுப்புகிற வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. அவள் மதிலின் மேல் ஏறி, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவிரிமுத்து பீடியைப் பற்றவைத்தார், அணைத்தார், திரும்பவும் பற்றவைத்தார். குழந்தைவேலு ரியூப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க டொக்டரின் குரற்செய்தி வந்தது. படகின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கதைத்தார்.

"கால் நேராத்தான் நிக்குது. கம்பமும் நேர். ஆனா இடது முன்னங்கால் ஊண்டேக்க தலையைத் தூக்குது. நோவு அந்தக் காலிலதான். வீடியோவை மெதுவாப் போட்டுப் பாத்தனான், குளம்புக்கு மேல பச்சையா ஏதோ சுத்தியிருக்கு. வலைநூல் போல. நீரும் ஒருக்காப் பாரும்."

அவள் பார்த்தாள். இருந்தது. மீன்வலை நூலின் ஒரு சுருக்கு, சதைக்குள் இறங்கி, நுனி மட்டும் வெளியே ஆடியது. காலையில் எடுத்த படத்தில் அந்த இடம் முழுவதும் நெளிவுக்குள் கரைந்து போயிருந்தது.

படகு வந்து சேர்ந்தபோது துவக்குக்காரரும் வந்தார். துவக்கை உறையில் இருந்து எடுக்கவில்லை. மாடுகளை முன்னே விட்டு, குழந்தைவேலுவும் அயலில் உள்ள நால்வரும் குதிரைகளை மெல்ல மெல்லப் பட்டிக்குள் சேர்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் டொக்டர் மயக்க ஊசி போட்டு நூலை வெட்டி எடுத்தார். உள்ளே சீழ் பிடித்திருந்தது. கணு வீங்கி, தோல் கறுத்திருந்தது.

"தப்புமோ டொக்டர்?" என்று குழந்தைவேலு கேட்டார்.

"இண்டைக்குச் சொல்ல ஏலாது. பத்து நாள் பட்டிக்குள்ள வைச்சுப் பாரும். ஊசி தொடர்ந்து போடவேணும்."

கையுறையைக் கழற்றிக்கொண்டு டொக்டர் அன்ரனிட்டாவிடம் வந்தார். "காலமை அனுப்பினதை ஆருக்காவது காட்டினனீரோ?"

"இல்லை. உங்களுக்கு மட்டும்தான்."

"நான் திணைக்களத்துக்கு அனுப்பினனான். அவையும் ஆருக்காவது அனுப்பியிருப்பினம்." சற்று நிறுத்தினார். "நானும் கேட்டிருக்கவேணும். கால் மட்டும் தெரியிற படத்தைப் பாத்து முடிவெடுத்தது என்ர பிழையும்தான்."

அன்ரனிட்டா, மயக்கம் தெளிந்து எழும்ப முயன்ற குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது முதல் தரம் சரிந்தது. இரண்டாம் தரம் முன்னங்கால்களை விரித்து, நடுங்கி நடுங்கி நின்றுகொண்டது. அவள் கமராவை எடுக்கவில்லை. சவிரிமுத்து இறங்குதுறைக்கு வண்டி வெளிக்கிடுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.