எல்லாரும் ஒரே முகவரியிலிருந்து

சுபிக்ஷா எங்கள் ஆபீசில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதத்தில் அவளைப் பார்த்து என் வயிறு எரியாத நாள் ஒன்றுகூட இல்லை. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் ஜெயந்த். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் வங்காளத்தில், லேக் மார்க்கெட் பக்கம். ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் பதினோரு வருடமாக மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கிறேன். வாராவாரம் ஏலப் பட்டியல் தோட்டங்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் மெயிலில்தான் போகிறது. அது போகாவிட்டால் கம்பெனியே திண்டாடும். துர்கா பூஜைக்கு முன்னால் எங்கள் டீமுக்கு ஒரு லீட் போடுவதாக மேனேஜர் சௌமிக்தா (இந்த ஊரில் 'தா' என்றால் அண்ணன்) சொல்லியிருந்தார். அது எனக்குத்தான் என்று எட்டு மாதம் முன்புவரை நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஈரோட்டிலிருந்து இவள் வந்து சேர்ந்தாள். ஆறே மாதத்தில் சௌமிக்தாவோடு வங்காளியில் அரட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும் இலிஷ் மீனின் முள்ளை எடுக்கத் தெரியுமாம், அதற்கு அவர் ஆபீஸ் முழுக்க ஒரு பாராட்டு. நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என் வங்காளியை ஒருத்தன் பாராட்டியதில்லை. ஒற்றை மெயில் சர்வர் படுத்தால் எல்லாம் படுத்துவிடும், போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் மெயில் சர்வர் இரண்டு வைத்து, வருகிறதைப் பிரித்துவிட முன்னால் ஒரு லோட் பேலன்சர் போடலாம் என்று இவள் மீட்டிங்கில் சொன்னதும், 'இதுதான் யோசனை' என்று சௌமிக்தா மேசையைத் தட்டினார். அதே யோசனையை மூன்று வருடம் முன்பு நான் சொன்னேன். அப்போது அவர் தட்டியது தன் போனைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மாற்றுவது என்று தேதி குறித்தார்கள். அன்று காலை என் இடத்துக்கு வந்தாள்.

"அண்ணா, ஒரு சந்தேகமுங்க. லோட் பேலன்சர் நடுவுல நின்னு புதுசா ஒரு கனெக்‌ஷன் போடுமில்லீங்களா? போஸ்ட்ஃபிக்ஸுக்கு அதோட முகவரி மட்டுந்தான் தெரியும். வெளியில இருந்து உண்மையா யார் வர்றாங்கன்னே தெரியாது."

"அதுக்குத்தானே ப்ராக்ஸி புரோட்டோகால் இருக்கு. பேலன்சர் முதல் வரியிலேயே உண்மையான முகவரியைச் சொல்லிடும்."

"ஆமாங்ண்ணா. ஆனா மெயில் வர்ற 25-ம் போர்ட்டுல அதை ஆன் பண்ணா, அந்த வரி இல்லாம நேரா வர்ற மெஷின் எல்லாம் நின்னுடும். ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பற நம்ம ஸ்கேனருங்க ஏதாச்சும் நேரா வருதுங்களா? லிஸ்ட் இருந்தா குடுங்க, பேலன்சருக்கு மட்டும் தனி போர்ட் போட்டுக்கறேன்."

மாடிக்கு மாடி இருக்கிற பதினாறு ஸ்கேனரும் எனக்கு மனப்பாடம். அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் அவள் தேதியில் அவள் பெருமைக்கு நான் ஏன் ஓட வேண்டும்?

"திங்கட்கிழமை தர்றேன்மா. இன்னிக்கு நிறைய வேலை."

"அப்ப ரெண்டு நாள் ப்ராக்ஸி இல்லாம ஓடட்டுங்களா? ஒண்ணும் ஆகாதுங்களே?"

"என்ன ஆகப்போகுது."

இதைச் சொன்னபோது நான் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. இதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

மாற்றம் சுமுகமாக முடிந்தது. மெயில் வந்தது, போனது. சௌமிக்தா எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு வரவழைத்தார். நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று, யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது பதிவாகும் மெயில் லாக்கைத் திறந்தேன். நாலு மணி பத்து நிமிஷம்.

வரிக்கு வரி ஒரே முகவரி. உலகத்தில் எங்கிருந்து வந்தவனும் 10.20.4.7-இலிருந்து வந்ததாகவே எழுதியிருந்தது. அது பேலன்சரின் முகவரி. அவள் சொன்னது சொன்னபடிதான். அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ஏழு வருடம் முன்பு, ஸ்கேனர்கள் தொல்லை தாங்காமல், 10.20 என்று தொடங்கும் மொத்த நெட்வொர்க்கையும் நம்பகமானது என்று போஸ்ட்ஃபிக்ஸில் எழுதி வைத்தவன் நான். அந்த எல்லைக்குள் இருந்து வந்தால் கடவுச்சொல் வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். இப்போது ஊரில் இருக்கிற எல்லாரும் அந்த எல்லைக்குள் இருந்து வருகிறார்கள். எவன் வேண்டுமானாலும் எங்கள் சர்வர் வழியாக எவனுக்கு வேண்டுமானாலும் குப்பையை அனுப்பலாம்.

எதிர் மேசையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும், என்னுடைய அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். நான் பையை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன். நாறட்டும், அவள் பேர்தானே நாறும் என்று மனசு சொன்னது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளைக் கூப்பிடப் போனைத் தொடவே இல்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்கு நாற்பதாயிரம் மெயில் வரிசையில் நின்றது. ஒன்றுகூட எங்களுடையது இல்லை. கெட்டவர் பட்டியலில் எங்கள் முகவரி ஏறிவிட்டது. பெரிய மெயில் கம்பெனிகள் எங்கள் ஏலப் பட்டியலை வாசலிலேயே திருப்பி அனுப்பின. தோட்டத்துக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். சௌமிக்தா எல்லார் எதிரிலும் சுபிக்ஷாவைப் பிடித்து, "உன்னை நம்பினேன் பார்" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அவள் முகம் வெளுத்துவிட்டது. எட்டு மாதமாக நான் ஆசைப்பட்ட காட்சி அது. பார்த்தபோது ஒரு சுகமும் இல்லை.

ஸ்கேனர் லிஸ்டை அவள் மறுபடி கேட்காமலே எழுதிக் கொடுத்தேன். அவள் அழவில்லை, வேலையைப் பார்த்தாள். பேலன்சருக்கென்று 10025 என்று தனி போர்ட் போட்டு, அதில் மட்டும் ப்ராக்ஸி வரியை எதிர்பார்க்கும்படி போஸ்ட்ஃபிக்ஸை மாற்றினாள். பேலன்சர் பக்கமும் அந்த வரியை அனுப்பச் சொன்னாள். வேறு யாரும் அந்தப் போர்ட்டைத் தொடாதபடி ஃபயர்வாலில் அடைத்தாள். ஸ்கேனர்கள் பழைய 25-லேயே தொடர்ந்தன. என் அகன்ற வரி போய், பதினாறு முகவரிகள் மட்டும் மிஞ்சின. மதியத்துக்குள் லாக்கில் ஊர் ஊராக உண்மையான முகவரிகள் ஓடத் தொடங்கின. கெட்டவர் பட்டியலிலிருந்து வெளியே வரத்தான் நாலு நாள் ஆனது.

வியாழக்கிழமை நடந்ததைப் பற்றிய அறிக்கையை எழுதி எனக்கு அனுப்பினாள். நான் சீனியர், பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். தவறு தன்னுடையது, ப்ராக்ஸி இல்லாமல் ஓடவிட்டிருக்கக் கூடாது, நம்பகமான நெட்வொர்க் எது என்று தானே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்த அகன்ற வரியை யார் எழுதியது என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'கோளாறு முதலில் கவனிக்கப்பட்ட நேரம்.'

'திங்கள், காலை 9.30' என்று நிரப்பி, ஒப்புதல் கொடுத்தேன்.

மறுநாள் சௌமிக்தா என்னை லீடாக அறிவித்தார். கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணா, மெயில் லாக்கைத் திறக்க சுடோன்னு அட்மின் கட்டளை போட்டுத்தான் ஆகணுங்க. யார், எப்போன்னு அது எழுதி வெச்சுக்கும். வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு உங்க பேர் இருக்கு."

சௌமிக்தா போய்விட்டாரா என்று நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"திங்கட்கிழமையே பார்த்துட்டனுங்க. அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்பட்டும்னுதான் காலியா விட்டேன்."

"சௌமிக்தாகிட்ட சொல்லப்போறியா?"

"இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய் ஸ்கேனர்களைச் சோதிக்க உட்கார்ந்துவிட்டாள்.

லீட் பதவி என்னிடம்தான் இருக்கிறது. இப்போதும் எதிர் மேசையைப் பார்த்தால் வயிறு எரிகிறது, முன்னைவிட அதிகமாக.