ஐந்து மணி நேரம் என்று எழுதிய பேட்டரி

பிள்ளையார்பாளையத்தில் எஸ்தரின் பேட்டரி கடைக்குள் குமரன் நுழைந்த வேகத்திலேயே விவகாரம் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பேட்டரியை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"இன்னாம்மா இது? அஞ்சு மணி நேரம்னு மேலயே எழுதிக்கீது. இருபத்தஞ்சு நிமிசத்துல நின்னுபோது. தொட்டா சுடுது. கொஞ்ச நேரம் சும்மா வச்சிட்டுப் போட்டா, மறுபடி மூணு நிமிசம் ஓடுது. பழைய செல்ல உள்ள வச்சி தள்ளிட்டீங்களா?"

குமரன் பட்டு நெசவு செய்பவர். ஊடை நூலைக் குழலில் சுற்றித் தரும் மோட்டார், கரண்ட் போனாலும் ஓடவேண்டும் என்று பத்து நாளைக்கு முன்புதான் இதை வாங்கிப் போனார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணா, பாத்துச் சொல்றேன்" என்றாள் எஸ்தர். சொல்லிக்கொண்டே அவள் கண் கடைக்கோடியில் வெல்டிங் மெஷின்முன் உட்கார்ந்திருந்த சத்யராஜ் மேல் போனது.

எஸ்தருக்குச் சந்தேகம் சோறு மாதிரி, ஒருவேளை இல்லாவிட்டாலும் ஆகாது. கணவன் போன பிறகு தனியாகக் கடை நடத்துகிறவளுக்கு அது கொஞ்சம் தேவையும்கூட. சத்யராஜ் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தாமல் கிராமத்திலிருந்து வருகிறான், முப்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டான். அதுவே அவளுக்கு ஒரு குறை. அவன் மச்சான் பழைய லேப்டாப், பழைய பேட்டரியெல்லாம் எடைக்கு வாங்கும் காயலான்கடைக்காரன். ஒரு சோற்று டப்பாவுக்கு எதற்கு அவன் தினமும் அவ்வளவு பெரிய பை கொண்டுவருகிறான்? புது செல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மச்சான் கடைச் செல்லை வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஆனால் எஸ்தரை அப்படி லேசாக ஏமாற்றிவிட முடியாது. கடைக்கு வரும் ஒவ்வொரு செல்லின் நீல உறையிலும், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சிவப்பு நகப்பூச்சால் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வைத்துவிடுவாள். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தாள்.

டேப் வாங்கிவர அவனை அனுப்பிவிட்டு, பேட்டரியைப் பிரிப்பதற்கு முன்னால் அவன் பையைப் பிரித்தாள். சோற்று டப்பா, ஒரு துண்டு, மகளின் நோட்டுகளுக்கு அட்டை போட வாங்கிய பிரவுன் தாள் சுருள். கை இன்னும் பைக்குள் இருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது.

"சில்லறை எடுக்க மறந்துட்டேங்கா" என்றான் சத்யராஜ்.

எஸ்தருக்கு முகம் எரிந்தது. வெட்கத்தை மறைக்கக் கோபம்தான் கைக்கு வந்தது. "நீ ரெண்டு நாளைக்கு வராத. நானே கூப்பிடறேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போனவனைத் திரும்பக் கூப்பிடுவதா, ஒரேயடியாக நிறுத்திவிடுவதா என்பது இனி இந்தப் பேட்டரிக்குள் இருந்தது.

பிரித்தாள். உள்ளே வரிசையாக மூன்று செல். மூன்றிலும் சிவப்புப் புள்ளி, மூன்றும் மேல்பக்கம் பார்த்து, நூல் பிடித்தது போல ஒரே நேர்கோட்டில். அவளுக்குப் புரியவில்லை. உறையை மட்டும் மாற்றிவிட்டானோ? சார்ஜ் ஏற்றி, ஒவ்வொன்றையும் தன் சோதனைக் கருவியில் மாட்டினாள். மறுநாள் எண் வந்தது: 2480, 2470, 2485. ஒவ்வொரு செல்லும் 2500 மில்லி ஆம்பியர் மணி தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. சோதனை ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடியிருந்தது. செல் எல்லாம் புதுசு, நல்லது.

அப்படியென்றால் பொய் சொல்வது குமரன். மோட்டாரில் ஏதோ கைவைத்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையோடு, வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டரையும், மறுபடி சார்ஜ் ஏற்றி மூடிய பேட்டரியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

குமரனின் மனைவி சங்கரி மோட்டாரைப் போட்டாள். ஆறு குழல்களும் சுற்றத் தொடங்கின. எஸ்தர் மீட்டரைப் பார்த்தாள். ஐந்து ஆம்பியர். மீட்டரையும் சந்தேகப்பட்டு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். அதே ஐந்து. மோட்டார் வாங்கியபடியே இருந்தது, யாரும் கைவைக்கவில்லை. அவள் மீட்டரைக் கழற்றினாள்.

"இன்னாம்மா, இன்னா காட்டுது?" என்றார் குமரன்.

"தப்பு என்னுதுண்ணா." அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது அபூர்வம். "இந்த செல்லு ரெண்டரை ஆம்பியர் மணி. ரெண்டரை ஆம்பியர் எடுத்தா ஒரு மணி நேரத்துல காலி. அந்த வேகத்துக்குப் பேரு ஒன் சி. உங்க மோட்டாரு அஞ்சு எடுக்குது, ரெண்டு மடங்கு. அது டூ சி. கணக்குப்படியே அரை மணி நேரந்தான்."

"அப்ப அஞ்சு மணி நேரம்னு எழுதினது?"

"இத்தினி நாளு பூக்கடை லைட்டு, தள்ளுவண்டி லைட்டு, இதுக்குத்தான் போட்டுக் குடுத்துக்கினு இருந்தேன். அதெல்லாம் அரை ஆம்பியர் எடுக்கும். அஞ்சுல ஒரு பங்கு சி. என் மெஷினும் அதே அரை ஆம்பியர்லதான் சோதிக்கும். அதைப் பாத்து அஞ்சு மணின்னு எழுதிட்டேன். எந்த வேகத்துலன்னு எழுதல. உங்களையும் கேக்கல."

சங்கரி விடவில்லை. "அரை மணியும் ஓடலியே? நின்னப்புறம் மறுபடி ஏன் ஓடுது?"

மோட்டாரில் சுற்றிக்கொண்டிருந்த பட்டு நூல்கண்டை எஸ்தர் காட்டினாள். "கண்டுல நூல் இருக்கும்போதே வேகமா இழுத்தா இன்னா ஆவும்?"

"அறுந்துபூடும்."

"அதேதான்க்கா. வேகமா எடுக்கறப்ப செல்லுக்குள்ளயே கொஞ்சம் சக்தி சூடா வீணாப் போவுது, வோல்டேஜும் சீக்கிரம் எறங்கிடுது. இதுக்குக் கீழ போவக்கூடாதுன்னு உள்ள இருக்கிற காவல் போர்டு நிறுத்திடுது. செல்லு காலியாவல, உள்ள மிச்சம் இருக்குது. கொஞ்சம் ஓய்வு குடுத்தா வோல்டேஜு ஏறும், மூணு நிமிசம் ஓடும். டூ சி-தான் இந்தச் செல்லுக்கு உச்சம். தினம் அப்படி ஓட்டினா சீக்கிரமே ஆயுசு போயிடும்."

"அப்ப இன்னா வழி?"

"மூணு செல்லு இருக்கிற எடத்துல பன்னெண்டு போடறேன். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு சேத்து, நாலு நாலா. அஞ்சு ஆம்பியர் நாலாப் பிரியும். ஒரு செல்லுக்கு ஒண்ணேகால், அதாவது அரை சி. ரெண்டு மணி நேரம் பக்கம் வரும். சுடாது."

குமரன் மீசையைத் தடவினார். "நான் உன்னை பிராடுன்னு நெனச்சிட்டேன்மா" என்றார். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தேகப்படும் அதே வேலையை அவள் சத்யராஜிடம் இன்னும் மோசமாகச் செய்திருந்தாள்.

வாசலுக்கு வந்ததும் சத்யராஜுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வந்துடுப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் வந்தான். எதுவும் நடக்காதது போல உட்கார்ந்து, பன்னிரண்டு செல்லையும் அடுக்கி வெல்டிங் அடித்தான். மூடுவதற்கு முன் எஸ்தரைக் கூப்பிட்டான். பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகளும் மேல்பக்கம் பார்த்து நின்றன.

"உனக்கு இது தெரியுமா?"

"வந்த முதல் வாரமே பாத்தேங்கா. நீங்க பிரிச்சுப் பாத்தா தேட வேணாம்னு மேல தெரியறாப்பலதான் வைப்பேன்."

ஆறு மாதம். ஒவ்வொரு பேட்டரியிலும். "தப்பா நெனச்சிட்டேம்பா" என்று எஸ்தர் எப்படியோ சொல்லிமுடித்தாள். அவன் தலையாட்டினான். அவள் பேனாவை எடுத்துப் புதுப் பேட்டரிமேல் எழுதினாள்: ஐந்து ஆம்பியர் எடுத்தால், இரண்டு மணி நேரம்.

சாயங்காலம் கிளம்பும்போது சத்யராஜ் பையை மேசைமேல் வைத்து, வாயை விரித்துக் காட்டினான். சோற்று டப்பா, துண்டு.

"மூடுப்பா. வேணாம்."

"பாத்துடுங்கக்கா" என்றான். குரலில் கோபமே இல்லை. அவள் பார்க்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.