குதிகாலில் ஐந்து சென்டிமீட்டர்

பொறியாளர் கமலநாதனிடம் முப்பது ஆண்டுகளாக மாறாத பழக்கம் ஒன்று உண்டு. காலை ஏழரைக்குப் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் வந்து அமர்வார்; தே தாரே என்ற நுரைத் தேநீர் ஆறும்வரை பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அன்றைய கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்ப்பார். கணினி சொன்னதைக் கை ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. கல்கட்டுச் சுவர் என்றால், கேள்வி என்னவென்று படிப்பதற்கு முன்பே தாளின் மூலையில் ‘24’ என்று எழுதிவிடுவார். ஒரு கன மீட்டர் கல்கட்டின் எடை இருபத்து நான்கு கிலோநியூட்டன். அது அவருக்குத் தம் வீட்டு எண்ணைப் போன்றது.

அன்று தாளில் இருந்தது செமினிக்கு அப்பால், ஒரு பழைய தோட்டத்தின் மலையடிவாரத்தில் நிற்கும் கல்லணை. உயரம் ஒன்பது மீட்டர், மேலே ஒன்றரை மீட்டர் அகலம், அடியில் ஐந்து மீட்டர் நாற்பது. தண்ணீர் மோதும் முகம் செங்குத்து, மறுமுகம் சரிவு. கீழே புதிய குடியிருப்பு எழுகிறது. அணையை விளிம்புவரை நிரப்பி ஏரியாக்க வேண்டும் என்பது உரிமையாளர்களின் ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் கமலநாதன் சான்றிதழ் தரவேண்டும்.

பொறியியல் படிக்காத வாடிக்கையாளர்களுக்கு அவர் ஒரு கதை சொல்வார். ஆற்றில் ஒரு யானை நின்றதாம். வெள்ளம் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, அதன் பாரம் முன்காலுக்கு ஏறியது, பின்காலில் குறைந்தது. “என் உடம்பின் எடை எனக்குப் போதும்” என்று யானை பெருமையடித்தது. பின்கால் மணலில் அழுந்தியிருக்கும்வரை அது உண்மைதான். பின்கால் லேசாக எழுந்ததும் அடியில் தண்ணீர் நுழைந்து, யானையையே தூக்கத் தொடங்கியது.

அணைக்கும் அப்படியே இரண்டு கால்கள். தண்ணீர்ப் பக்கத்து அடிவிளிம்பு குதிகால். மறுபக்கத்து விளிம்பு கால்விரல். சுவரின் எடையும் நீரின் தள்ளலும் சேர்ந்த நிகர விசை, அடித்தளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்தால் குதிகால் அழுந்தியே இருக்கும். அதைத் தாண்டிக் கால்விரல் பக்கம் போனால் குதிகாலில் இழுவிசை பிறக்கும். பழைய சுண்ணாம்புக் கலவையால் இழுப்பைத் தாங்க முடியாது, பிளக்கும். அதுவும் தண்ணீருக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல்.

கமலநாதனின் தாளில் நிகர விசை எல்லைக்கு ஒன்பது சென்டிமீட்டர் உள்ளே விழுந்திருந்தது.

“சார், இருபத்திரண்டு போட்டுப் பார்த்தேன்,” என்றாள் ஷாமினி. அந்த அலுவலகத்தில் அவருக்கு அடுத்த பொறியாளர் அவள்தான். “அஞ்சு சென்டி வெளியே போகுது. குதிகால்ல டென்ஷன், இழுப்பு வருது.”

“எந்த இருபத்திரண்டு? மேரு லேப்ல டோரிஸ் கொடுத்ததா?”

“ஆமா சார்.”

“அது காய்ஞ்ச கல்லை நிறுத்த கணக்குலா. அதுக்குத்தானே போன வாரம் லெட்டர் போட்டேன்.”

அந்தக் கடிதத்தை ஷாமினியும் படித்திருந்தாள். அணையைத் துளைத்தெடுத்த கல் உருளைகளை டோரிஸ் கவனக்குறைவாகச் சோதித்தார் என்றும், இனி இந்த வேலையில் அவர் இருக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. உரிமையாளர்களுக்கும் ஒரு நகல் போயிருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் எடைபோட்டுப் பழகிய டோரிஸ் இப்போது கிடங்கில் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

“சார், ஒருவேளை அவங்க சொன்னது சரியா இருந்தா?”

தே தாரே ஆறிப்போனதைக் கமலநாதன் அப்போதுதான் கவனித்தார். குடிக்காமலே எழுந்தார். “சரி, நானே போய் நிறுத்துக் காட்டறேன்.”

மேருவின் தொழிற்பேட்டையில் அந்தச் சோதனைக்கூடத்தைத் தேடிப்பிடித்து அவர் உள்ளே நுழைந்தபோது, மேலாளர் ரேமண்ட் பதறிப்போய் எழுந்தார். “சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்பேனே, பாஸ்!”

“ஏற்பாடு வேண்டாம். கல்லும் தராசும் போதும்.”

கிடங்கிலிருந்து டோரிஸ் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் சிறிய சிலுவை, கையில் பசை. கமலநாதனைக் கண்டதும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

“காய்ஞ்ச கல்லுன்னு எழுதினீங்களே சார், வாங்க. மூணு நாளா ஊறின கல்லு. இன்னும் தொட்டியிலேயே போட்டு வச்சிருக்கேன். நீங்களே கையை விட்டு எடுங்க. நான் எடுத்தா நல்லதா பொறுக்கிட்டேன்னு சொல்லுவீங்க.”

ரேமண்ட் இருமினார். கமலநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டு ஓர் உருளையை எடுத்தார். பத்து சென்டிமீட்டர் விட்டம், இருபது சென்டிமீட்டர் நீளம். அவர் எண்ணப்படி அது மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது கிராம் இருக்கவேண்டும். மேற்பரப்பைத் துணியால் ஒற்றித் தராசில் வைத்தார்.

மூன்று கிலோ நானூற்று ஐம்பது.

இன்னொன்றை எடுத்தார். பிறகு மூன்றாவதை. கிராம் கணக்கில்தான் வேறுபாடு.

“தராசு?” என்றார்.

“அந்தா, அளவுக்கட்டி. வச்சுப் பாருங்க.” டோரிஸ் இரண்டு கிலோ எடைக்கட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். தராசு இரண்டு கிலோ என்றே காட்டியது.

கமலநாதன் உருளையை வெளிச்சத்தில் திருப்பினார். கருங்கல் எங்கேயும் இல்லை. செம்பாறைத் துண்டுகளும் உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புமாக இருந்தன.

“கருங்கல் ரெண்டு முகத்துக்கு மட்டும்தான் சார். மேக்கப் போட்ட மாதிரி. உள்ளே பூரா இதுதான். முகத்துக் கல்லையும் சேர்த்து சராசரி எடுத்துத்தான் இருபத்திரண்டு கொடுத்தேன். ரிப்போர்ட் மூணாவது பக்கத்துல படமே இருக்கு.”

மூன்றாவது பக்கத்தை அவர் திருப்பவே இல்லை. முதல் பக்கத்தில் இருபத்திரண்டைக் கண்டதுமே கோபம் வந்துவிட்டது. வரைபடம் ‘கல்கட்டு’ என்றது, அவர் கை ‘24’ என்றது. அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

அங்கேயே ஒரு தாள் வாங்கி மீண்டும் கணக்குப் போட்டார். இம்முறை மூலையில் எழுதியது இருபத்திரண்டு. நிகர விசை எல்லைக்கு வெளியே ஐந்து சென்டிமீட்டர் போய் விழுந்தது. அடியில் கசிந்து மேலே தூக்கும் நீரழுத்தத்தைச் சேர்க்காமலேயே இந்த நிலை. அதையும் சேர்த்து, நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒன்றரை மீட்டர் இறக்கிய பிறகுதான் குதிகால் முழுமையாக அழுந்தி நின்றது.

உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். “விளிம்பு வரைக்கும் நிரப்ப முடியாது. ஏழரை மீட்டர்தான். முழுசா நிரப்பணும்னா சுவரைப் பலப்படுத்தணும். ஆமா, என் பழைய கணக்கு தப்பு. கோபப்படுங்க, நியாயம்தான். ஆனா கையெழுத்து இதுக்குத்தான் போடுவேன்.”

பேசிவிட்டு ரேமண்டின் மேசையில் அமர்ந்து ஒரு கடிதம் எழுதினார். முதல் கடிதம் போன எல்லாருடைய பெயரையும் மேலே வரிசையாக எழுதினார். முடித்ததும் டோரிஸிடம் நீட்டினார்.

டோரிஸ் நின்றுகொண்டே படித்தார்.

“‘புரிதலில் ஏற்பட்ட குழப்பம் காரணமாக’ன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“எனக்கு ஒரு குழப்பமும் இல்லையே சார். குழப்பம் யாருக்கு?”

ரேமண்ட் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். கமலநாதன் தாளைத் திரும்ப வாங்கினார். அந்த வரியை நேராகக் கோடு போட்டு அடித்தார். அதன்மேல், ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார்: ‘அறிக்கையை முழுதும் படிக்காமலும், கல்லைக் கையில் தூக்கிப் பார்க்காமலும் நான் இவர்மீது பழி சொன்னேன். இவர் கொடுத்த எண் சரி. இந்த அணையின் எஞ்சிய சோதனைகளை இவரே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

“இப்போ சரியாம்மா?”

டோரிஸ் பசைக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, இன்னொரு முறை படித்தார்.

“உரக்கப் படிங்க சார். கிடங்குல உள்ளவங்களுக்கும் கேக்கட்டும்.”

கமலநாதன் எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.