போக்கு என்ற சொல்

ஆய்வேட்டை எழுதி முடிப்பதில்கூட அந்த இயன்முறை மருத்துவருக்கு இவ்வளவு தலைவலி இருந்ததில்லை. வாய்மொழித் தேர்வின் தொடக்கத்தில் பேச வேண்டிய ஐந்து நிமிடப் பேச்சு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சாதாரணப் பேச்சு நடையில், முக்கியமான எண்களை மட்டும் சொன்னால் போதும் என்று பல்கலைக்கழகக் கடிதத்தில் போட்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் எழுதினாள். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு அம்மாள் அதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். புள்ளியியல் சொற்களைப் போட்டு அனுப்பினால், யாருக்குப் புரியும் இது என்று கேட்டார். வடக்கே போனால் தெற்கே, தெற்கே போனால் வடக்கே.

வீட்டில் கணவனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். அவன் கைப்பேசியைத் தடவியபடியே, பிரமாதம் என்றான். எது பிரமாதம் என்று கேட்டாள். குரல் என்றான். அதோடு அவனிடம் படிப்பதை விட்டுவிட்டாள்.

தேர்வு நாள் காலையில், துறை அலுவலகத்துக்கு வெளியே நாற்காலியில் அவள் காத்திருந்தபோது, கைடு அம்மாள் வேகமாக வந்து தாளை வாங்கிக் கடைசிப் பத்தியில் ஒரு வரியைச் செருகினார்: 'வலி குறையும் போக்கும் தென்படுகிறது.'

"மேடம், அந்த மாதிரி எதுவும் தென்படலையே."

"கொஞ்சம் குறைஞ்சிருக்குல்ல? அதைச் சொன்னா என்ன? நாலு வருஷம் உழைச்சுட்டு ஒண்ணுமில்லைன்னா சொல்லுவாங்க?"

ஐந்தாம் அத்தியாயத்திலும் இதே வாக்கியத்தை அவர் இப்படித்தான் நுழைத்திருந்தார். அப்போது வாதாடித் தோற்றவள், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் தேர்வாளர்கள் இருவர். வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த தேர்வாளர் முன்னால் ஆய்வேடு கிடந்தது; ஓரமெல்லாம் அடையாளத்துக்கு ஒட்டிய காகிதக் கொடிகள். கைடு அம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, ஆரம்பி என்று கண்ணால் சொன்னார்.

"மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க நூத்தி எண்பத்தாறு பேரை, குலுக்கல் முறையில ரெண்டு சம குழுவாப் பிரிச்சோம். எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான். ஒரு குழுவுக்கு மட்டும் வாரம் ஒரு தடவை போன் பண்ணி, பயிற்சி செய்றீங்களான்னு கேட்டோம். பன்னிரண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, போன் வந்தவங்க வாரத்துல சராசரியா அஞ்சு நாள் பயிற்சி செஞ்சாங்க. வராதவங்க மூணு நாள். இது தற்செயலா வந்த வித்தியாசமா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. வலி ரெண்டு குழுவுலயும் நல்லாவே குறைஞ்சுது. போன் வந்த குழுவுல, பத்துக்கு எவ்வளவுன்னு போடுற வலி மதிப்பெண்ல, பூஜ்யம் புள்ளி நாலு மட்டும் கூடுதலாக் குறைஞ்சுது."

அடுத்தது அந்த வரி. நீல மையில், கைடு அம்மாளின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்த எரிச்சலெல்லாம் பொங்கிவிட்டது. தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"போன் பண்ணதால வலி குறையும் போக்கு தெரியுதுன்னு ஆய்வேட்டுல இருக்கு. அது தப்பு. எங்க கணக்குப்படி, உண்மையான வித்தியாசம் பூஜ்யம் புள்ளி ரெண்டு பாதகமாவும் இருக்கலாம், ஒண்ணு வரைக்கும் சாதகமாவும் இருக்கலாம். நோயாளி உணர்ற மாதிரி இருக்கணும்னா ஒன்றரையாவது வேணும்னு ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தோம். போன் பண்ணா பயிற்சி கூடுது. ஆனா பன்னிரண்டாவது வாரத்துல அவங்க உணர்ற அளவுக்கு வலி கூடுதலாக் குறையலை. அவ்வளவுதான்."

சுவரோரம் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூத்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் நிறையப் பேரைச் சேர்த்திருந்தா தெரிஞ்சிருக்குமோ?"

"எனக்கு அப்படித் தோணலை சார். எங்க கணக்கு தர்ற அதிகபட்சமே ஒண்ணுதான். ஒன்றரையைத் தொடவே இல்லை. இன்னும் ஆள் சேர்த்தா வித்தியாசம் துல்லியமாத் தெரியும். பெருசாகும்னு நினைக்க ஆதாரம் இல்லை."

"அப்புறம் ஏன் இந்த வாக்கியத்தை எழுதினீங்க?" அவர் ஒரு காகிதக் கொடியைப் பிடித்துப் பக்கத்தைத் திறந்தார்.

கைடு அம்மாளைக் கைகாட்டிவிடுவது எளிது. கையெழுத்துப் போட்டது தான்தானே என்று நினைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லைன்னு சொல்லத் தைரியம் வரலை சார்."

கேள்விகள் மேலும் ஒரு மணி நேரம் நீண்டன. பயிற்சி நாட்களை நோயாளிகளே சொன்னதைத்தானே எண்ணினீர்கள், போன் வந்தவர்கள் உங்கள் மனம் நோகாமலிருக்கக் கூட்டிச் சொல்லியிருந்தால் என்று இளைய தேர்வாளர் கேட்டார். அந்தக் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். கடைசியில் சிறு திருத்தங்களோடு பட்டம் என்றார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த வாக்கியத்தை நீக்க வேண்டும். இன்று பேசியதை அப்படியே எளிய சுருக்கமாக முன்பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த கைடு அம்மாள் அவள் தோளைத் தட்டினார்.

"நான் முதல்லேருந்தே சொன்னேன்ல, எளிமையாச் சொல்லுன்னு? அந்தச் சுருக்கத்தை எழுதிட்டு எனக்கு அனுப்பு. ஒரு பார்வை பார்த்துடறேன்."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சரி மேடம் என்று சொல்லிவிட்டு, படியிறங்கும்போதே சுருக்கத்தை அவருக்கு அனுப்பாமல் நேராக அலுவலகத்தில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள்.