ஏழிலிருந்து எட்டு வரை

ஊசிக்கும் ரத்தத்துக்கும் மலர்விழி பயந்ததில்லை. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நர்ஸாக இருக்கிறாள். அவள் பயந்ததெல்லாம் வார்டு மேசையில் இருந்த போனுக்குத்தான். புதிதாக வந்த டியூட்டி டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நோயாளிக்கு என்ன என்று அவரிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். படிப்பில் எழுதிய இங்கிலீஷ் கைக்கு வரும், வாய்க்கு வராது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் எட்டாம் படுக்கைப் பெரியவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கியது. டாக்டரை அழைத்தாள். மறுமுனையில் அவர் படபடவென்று கேட்கக் கேட்க அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “ஒன் மினிட் சார்” என்று போனை வைத்துவிட்டு, இங்கிலீஷ் சரளமாகப் பேசும் நிர்மலாதேவி சிஸ்டரைத் தேடி மாடிக்கு ஓடினாள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓடித் திரும்பிய அந்தப் பத்து நிமிஷம் அவளை விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும், சோறு வடித்தாலும், பெரியவரின் வியர்த்த நெற்றி முன்னால் வந்து நின்றது.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. புருஷன் மாதவராஜ் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவன். மகள் வெண்மதி எட்டாவது, இங்கிலீஷ் மீடியம். தினமும் ராத்திரி ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை வீட்டில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று மலர்விழி கேட்டபோது, வெண்மதி சந்தோஷத்தில் குதித்தாள். மாதவராஜ் பல்லைக் குத்திக்கொண்டே, “பேசுனா போச்சு” என்றான்.

முதல் நாளே கெட்டது. இன்றைக்கு என்ன வேலை என்று மலர்விழி கேட்டாள். அவன் யோசித்து யோசித்து, “வோர்ம்ஸ் ஈட்டிங் மீ” என்றான். புழு தழை தின்கிறது என்று சொல்ல வந்தவன், புழு தன்னையே தின்கிறது என்று சொல்லிவிட்டான். வெண்மதி தரையில் உருண்டு சிரித்தாள். மலர்விழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாதவராஜின் முகம் கறுத்தது. எழுந்து புழு ஷெட்டுக்குப் போனவன், கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

மலர்விழி பயந்துகொண்டேதான் ஷெட்டுக்குப் போனாள். அவனுக்குக் கோபம் வந்தால் நாலு நாள் பேச மாட்டான்.

“ஒம்போதாவதுல நின்னவன் நானு. அவ முன்னாடி என்னிய எதுக்கு நிக்க வெக்கற?” என்றான், திரும்பாமலே.

“உங்கள நிக்க வெக்கலீங்க. என்னியக் காப்பாத்திக்கத்தான் கேட்டன்.” அதுவரை யாரிடமும் சொல்லாத அந்தப் பத்து நிமிஷத்தை அவனிடம் சொன்னாள். “இன்னொரு தடவ அப்பிடி ஆனா, அந்தாளு செத்துப்போனா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வூட்டுக்கு வருவன்?”

புழுக்கள் தழை தின்னும் சத்தம் மழை தூறுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. மாதவராஜ் கையைத் துடைத்தான். “சிரிக்கக் கூடாதுன்னு அவகிட்டச் சொல்லு” என்றான்.

மறுநாள் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். யாரும் சிரிக்கக் கூடாது. பேசும்போது நடுவில் திருத்தக் கூடாது, தப்பிருந்தால் எட்டு மணிக்கு மேல் சொல்லலாம். வார்த்தை கிடைக்காவிட்டால் தமிழ் வார்த்தையைப் போட்டு மேலே போகலாம். கடைசியாக மாதவராஜ் ஒன்று சேர்த்தான்: “அந்த ஒரு மணி நேரத்துல யார் என்னா சொன்னாலும் கோவப்படக் கூடாது. திட்டக் கூடாது.” வெண்மதி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகு வண்டி ஓடியது. வெண்மதி டாக்டர், மாதவராஜ் நோயாளி. அவன் என்ன நோய் என்று சொல்வான். மலர்விழி கையைப் போன் போலக் காதில் வைத்துக்கொண்டு அதை வெண்மதிக்குச் சொல்வாள். பெயர், படுக்கை எண், என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, நாடி எவ்வளவு, டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக. மாதவராஜுக்கு விளையாட்டுப் பிடித்துப் போனது. ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் தேள் கடி, ஒரு நாள் பிரசவ வலிகூட வந்தது.

பதினெட்டாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“வாட் ப்ராப்ளம்?” என்றாள் மலர்விழி.

“செஸ்ட் டைட்” என்றான். “வாக்கிங் டைம். தழை கட்டு தூக்கிங் டைம். த்ரீ டேஸ்.”

வெண்மதி உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிக்கவில்லை.

“பெயின் எங்க… வேர்?”

அவன் இடது தாடையைத் தொட்டான். அங்கிருந்து தோள், முழங்கை என்று விரலை மெல்ல இறக்கினான். “டுடே, சிட்டிங் டைம் ஆல்சோ.”

தேள் கடிக்கு முகத்தைக் கோணிக் காட்டியவன் இப்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மேலுதட்டில் வியர்வை கோத்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மலர்விழி எட்டி அவன் கையைப் பிடித்தாள். சில்லிட்டுப்போய் ஈரமாக இருந்தது.

“ஏங்க. நெசமாவா?”

“நோ ஆங்கர்” என்று, கோபப்படக் கூடாதென்ற விதியை மெதுவாக நினைவூட்டினான் அவன். “நீ திட்டுவன்னுதான் சொல்லல. ஆஸ்பத்திரின்னா பயமா இருந்துச்சு.”

மாரடைப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் எத்தனை பேருக்கு இதைப் பார்த்திருக்கிறாள். மூன்று நாளாக அவன் தழைக்கட்டு சுமந்ததைத் தினமும் வாசலில் நின்று பார்த்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லையே.

“அசையாதீங்க. அப்பிடியே சாஞ்சுக்கங்க.” நாடியை எண்ணிவிட்டு 108 ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வண்டி வரக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அடுத்து ஆஸ்பத்திரி நம்பர். எடுத்தது அதே டியூட்டி டாக்டர்.

வாய் வழக்கம்போல உலர்ந்தது. போனை வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடிப் போய் அழைத்துவர இங்கே நிர்மலாதேவி சிஸ்டர் இல்லை. எதிரே வெண்மதி முகம் வெளுத்து நின்றாள். அவளைப் பார்த்தே பேசினாள், இத்தனை நாள் பேசியதைப் போல.

“சார், ஸ்டாஃப் நர்ஸ் மலர்விழி. பேஷன்ட் மை ஹஸ்பண்ட். ஃபார்ட்டி சிக்ஸ் இயர்ஸ். செஸ்ட் பெயின், த்ரீ டேஸ். நவ் சிட்டிங் டைம் ஆல்சோ. லெஃப்ட் ஹேண்ட்,” தன் தாடையைத் தொட்டுக்கொண்டாள், “ஜா. ஸ்வெட்டிங். பல்ஸ் ஒன் நாட் எய்ட்.”

அவர் நிதானமாகக் கேட்டார். மருந்து ஒவ்வாமை உண்டா, வயிற்றுப் புண், ரத்தக் கசிவு உண்டா என்று கேட்டார். ஒரு கேள்வி புரியவில்லை. “சார், ஸ்லோலி ப்ளீஸ்” என்றாள். அவர் திரும்பச் சொன்னார். ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுக்கச் சொன்னார். நடக்க விடாதே, இசிஜி தயாராக இருக்கும், வா என்றார்.

வெண்மதி தெருமுனை மெடிக்கலுக்கு ஓடினாள். அவள் திரும்பும்வரை மலர்விழி புருஷனின் மணிக்கட்டை விடவில்லை. நாடி விரலுக்கடியில் துள்ளியது. அது நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்பை எதிர்பார்த்தாள். அவன் மாத்திரையை மென்று முகம் சுளித்தான். “கசக்குது” என்றான். தமிழில் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் தருமபுரி போய்ச் சேர்ந்தபோது எட்டே கால். இசிஜியில் கோடு மாறியிருந்தது. அடைப்புதான். டாக்டர் அங்கிருந்தே இருதய டாக்டருக்குப் பேசிச் சேலத்துக்கு அனுப்பினார். விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் தழை சுமந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த இருதய டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாதவராஜ் வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள் கழித்து, ஏழு மணிக்கு வெண்மதி பாய் விரித்தாள். நோயாளி வேஷம் வேண்டாம் என்று மலர்விழி முதலிலேயே சொல்லிவிட்டாள். மல்பெரி பற்றி, பஸ் பற்றி, மாதப் பரீட்சை பற்றிப் பேசினார்கள். அவன் தத்தித் தத்திப் பேசப் பேச, அவள் வார்த்தைகளைக் கேட்கவில்லை, மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐ ஆம் ஃபைன்” என்றான் அவன், அவள் பார்வையைக் கவனித்து.

“தமிழ்ல சொல்லுங்க.”

“நல்லா இருக்கறன் மலரு.”

அவள் தலையாட்டினாள். ஆனாலும் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.