கிரீஸ் கலந்த தண்ணீர்

துளை போடும் மெஷினின் அடியிலிருந்து வழிந்த சிமென்ட் தண்ணீரில் கிரீஸ் மிதந்தது. டிரில்லர் சட்டென்று மெஷினை அணைத்தார்.

தளத்துக்குள் எஃகு வடங்கள் ஓடும் தடத்தை ஸ்கேன் செய்து கீழ்த்தளக் கூரையில் குறித்திருந்தார்கள். அவருடைய மச்சினன் அதை அண்ணாந்து படம் பிடித்து, மேலே வந்து அப்படியே கோடு போட்டிருந்தான். அண்ணாந்து பார்த்தால் இடம் வலமாகும் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

கான்கிரீட் இறுகியபின் ஜாக்கியால் இழுத்து, இரு விளிம்பிலும் ஆப்பு வைத்துப் பூட்டிய வடத்தில்தான் துளை இறங்கியிருந்தது. அந்த இறுக்கம்தான் தளத்தைத் தாங்குகிறது. கிரீஸ் பூசி உறைக்குள் கிடப்பதால் கான்கிரீட் அதைப் பிடித்துக்கொள்ளாது. அறுந்தால் முழு நீளமும் விசையை விட்டுவிடும். முனை விளிம்பைப் பிய்த்துக்கொண்டு பாயும்.

துளைக்குள் 'டிங்' என்றது. வடத்தின் ஏழு இழைகளில் ஒன்று போயிற்று.

"என்ன மாமா, நிறுத்திட்டீங்க?"

மச்சினன் வெளியே சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முதுகைச் சாய்த்திருந்தது தளத்தின் விளிம்பில், அதே வடத்தின் ஆப்பை மூடிய பூச்சின்மேல்.

"மாப்ள," என்றார் டிரில்லர், குரலை உயர்த்தாமல். "டீயை வச்சிட்டுப் பக்கவாட்டுல நகரு."

"குடிச்சிட்டு வரேன் மாமா."

இன்னொரு 'டிங்'.